கேட்டுக்கு வெளியே கத்திய ஒரு ‘ஏட்டி’

போன வருடம் ஜனவரியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். என் கல்லூரித் தோழி அங்கே வேதியியல் ஆசிரியை. பத்து வருடத்துக்கு மேலாக ஃபோனிலேயே ஓடிக்கொண்டிருந்த நட்பு. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் பள்ளி கேட்டுக்கு உள்பக்கம் பட்டுப்புடவையும் பேட்ஜுமாக நின்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே, “ஏட்டீ!” என்று ஒரு குரல் விட்டேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலி. அங்கே அந்தச் சொல்லுக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பொள்ளாச்சியில் நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் என்னை, அப்புறம் அவளை. பின்வரிசையில் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். அவளும் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அது பெற்றோர் சந்திப்பில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற சிரிப்பு.

“வாங்க மேடம். உள்ள வாங்க.”

அன்று முழுக்க நான் மேடம்தான். விழா முடிந்து ஆசிரியர் அறையில் டீ கொடுத்தபோதுகூட அவள் வாயில் ‘நீ’யும் வரவில்லை, ‘நீங்க’ளும் வரவில்லை. “டீ குடிக்கலாமே.” “பஸ் எத்தனை மணிக்கு?” “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” தமிழில் கோபத்தைக் காட்ட இப்படி ஒரு வழி இருக்கிறது. யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதே தெரியாதபடி வாக்கியத்தை வளைத்துவிடுவது. “எப்ப வந்தது?” என்று கேட்கிற மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். மருமகளோடு இருபது வருடம் குடும்பம் நடத்தி, ஒரு நாளும் ‘நீ’ என்றோ ‘நீங்க’ என்றோ சொல்லாமலே ஒப்பேற்றியவர்கள் உண்டு. அந்த வளைவு என் பக்கம் திரும்பியது அன்றுதான்.

ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தது. எடுத்ததும், “பிள்ளைங்க முன்னாடி அப்படிக் கூப்பிட்டுட்டியேடி” என்றாள். அந்த ‘டி’யைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திட்டுதான். ஆனால் மேடம் போய்விட்டாள், நான் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஒற்றை எழுத்து காலையில் காயப்படுத்தியது, ராத்திரி ஆற்றியது. சொன்ன ஆள் மாறியிருக்கலாம், கேட்ட காதுகளும் மாறியிருந்தன. அதைத்தான் அன்றிலிருந்து கிளறிக்கொண்டிருக்கிறேன்.

டா, டி என்பவை பேசப்படுகிற விஷயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதை மட்டும் சொல்கின்றன. “கொண்டு வந்தான் ஒரு தோண்டி, மெத்தக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தாண்டி” என்று சித்தர் பாட்டு எல்லோருக்கும் தெரியும். தோண்டியைக் கொண்டு வந்தவன் ஆண், போட்டு உடைத்தவனும் ஆண். வினையும் ஆண்பாலில்தான் இருக்கிறது. பிறகு அங்கே ‘டி’ எங்கிருந்து வந்தது? கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்காக வந்தது. கதை ஒருவனைப் பற்றியது, கடைசி எழுத்து அந்தக் கதையைக் கேட்பவளுக்கு உரியது. “மழை வருதுடா” என்று சொன்னால் மழைக்கும் டாவுக்கும் சம்பந்தம் இல்லை. எதிரே ஒருவன் நிற்கிறான், அவனும் நானும் இப்படிப்பட்டவர்கள் என்று மழையோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி இடம் ஒரு நாற்காலி மாதிரி. அதில் டா உட்காரலாம், டி உட்காரலாம், ப்பா, ம்மா உட்காரலாம், ங்க உட்காரலாம். சரிடா, சரிடி, சரிப்பா, சரிம்மா, சரிங்க. அர்த்தம் ஐந்திலும் சரிதான். ஒன்றையும் உட்கார வைக்காமல் வெறும் “சரி” என்று விட்டால் அதுவும் ஒரு பேச்சு. நெருங்கிய தோழிக்கு அந்த வெறும் “சரி” வந்தால் அவள் உடனே கேட்பாள்: “ஏன், என்ன ஆச்சு?”

ங்கவும் டாவும் சேர்ந்து வருகிற இடமும் உண்டு. “வாங்கடா.” இதில் ங்க மரியாதையை விட்டுவிடும், எண்ணிக்கையை மட்டும் சொல்லும். நாலு பேர் வருகிறார்கள், நாலு பேரும் டா என்று அர்த்தம். ஒரே ஒரு ஆளைப் பார்த்து யாரும் “வாங்கடா” என்று சொல்ல மாட்டோம். தமிழ் கற்றுக்கொள்ள வந்த ஒரு வடநாட்டுப் பெண், எங்கள் அலுவலகத்தில், மரியாதையும் நட்பும் இரண்டும் இருக்கட்டும் என்று மேலாளரை “வாங்கடா” என்று வரவேற்றாள். அவள் கணக்கில் தப்பே இல்லை. மேலாளர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

என் தோழிக்கும் எனக்கும் இந்த ‘டி’ எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரி, அவள் கட்டிலுக்கு அடியில் என் வாளி மாட்டிக்கொண்டது. “ஏட்டி, அந்த வாளிய இங்க தள்ளு” என்றேன். தள்ளினாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு அவள் பேசியதெல்லாம் ங்க போட்ட வாக்கியங்கள். “லைட் அணைச்சுக்கலாங்களா?” “குளிக்கப் போறீங்களா, நான் போகட்டுங்களா?” கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையானவர்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நான் பாட்டுக்கு ஏட்டி ஏட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். “நான் உங்களுக்கு என்ன தப்புங்க பண்ணினேன்?” கண் கலங்கியிருந்தது.

எங்கள் ஊரில் அம்மா மகளை, அக்கா தங்கையை, பக்கத்து வீட்டுப் பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் அது. ஆணுக்கு ஏலே, பெண்ணுக்கு ஏட்டி. “என்னலே”, “என்னட்டி” என்பதுதான் எங்கள் சௌக்கியமா. அவள் ஊரில் மளிகைக் கடைக்காரர் பத்து வயதுப் பையனையே “என்ன வேணுங்க கண்ணு” என்று கேட்பார். அங்கே வளர்ந்தவளுக்கு, முகம் பார்த்து ஒரு மணி நேரம் ஆகாத ஒருத்தி ஏட்டி என்றால் அது சண்டைக்கு இழுக்கிற சொல். நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது.

அதற்கப்புறம் நான் அடக்கி வாசித்தேன், அவள் படிப்படியாக இறங்கி வந்தாள். தீபாவளி லீவுக்குள் “வாங்க” போய் “வா” வந்தது. அந்த வெறும் “வா” கொஞ்ச நாள் அந்தரத்தில் நின்றது. அப்புறம் ப்பா சேர்ந்தது. “வாப்பா, சாப்பிடப் போலாம்.” பெண்ணைப் பார்த்து ப்பா சொல்வது தமிழில் சகஜம், அதில் அப்பாவும் இல்லை ஆணும் இல்லை. மரியாதையைக் கைவிட்டாயிற்று, ஆனால் உரிமை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்கிற நடுக்கட்டத்துக்கு அது ரொம்ப வசதி. யாழ்ப்பாணத்துத் தமிழில் அந்த நடுக்கட்டத்துக்குத் தனியாக ஓர் இடமே உண்டு. ‘நீ’க்கும் ‘நீங்கள்’ளுக்கும் இடையில் ‘நீர்’. “வாரும்”, “இரும்” என்று ஒரு மட்டம். நமக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் ப்பாவும் ம்மாவும் செய்கின்றன.

முதல் ‘டி’ வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய வேதியியல் ரெக்கார்ட் நோட்டின் மேல் நான் மைக்கூட்டைக் கவிழ்த்த நாள். “ஏன்டி இப்படிப் பண்ணித் தொலைச்ச!” கத்திவிட்டு அவளே வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டு பாழ், திரும்ப எழுத இரண்டு ராத்திரி ஆயிற்று, அதில் பாதி என் கையெழுத்து. பொதுவாகவே டா, டி அன்பில் பிறப்பதைவிடத் திட்டில் பிறப்பதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். “இனிமேல் நாம் வாடி போடி என்று பேசிக்கொள்ளலாமா” என்று யாரும் அனுமதி கேட்டுத் தொடங்குவதில்லை. ஏதோ ஒரு அவசரத்தில் விழுந்துவிடும். விழுந்ததை எதிராளி எடுத்துத் திருப்பிப் போட்டால் நட்பு. போடாமல் விட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் இதில் வைத்திருக்கிற கணக்கு எளிமையானது. இரண்டு தடவை டி போட்டு இரண்டு தடவையும் பதிலில் டி வராவிட்டால், மூன்றாவது தடவை போட மாட்டேன்.

எனக்கு அவள் திருப்பித் தந்தது வெறும் டி மட்டும் இல்லை, என் ஏட்டியையே திருப்பித் தந்தாள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் அந்தப் பொள்ளாச்சிப் பெண் மெஸ் வரிசையில் நின்று “ஏட்டி, எனக்கும் ஒரு தட்டு எடு” என்று என்னைக் கூப்பிடுவாள். அவள் வாயில் அது கொஞ்சம் கோணலாக, ‘ஏட்டிங்க’ என்று சொல்ல வந்து நின்றது போல இருக்கும். அவள் அம்மா அறைக்கு வந்தால் மட்டும் நாங்கள் இருவரும் “வாப்பா” “சொல்லுப்பா” என்று பின்வாங்கிக்கொள்வோம். அப்போதே அந்த ஒழுங்கு எங்களுக்குத் தெரிந்திருந்தது. இருபத்தைந்து வருடத்தில் எனக்குத்தான் மறந்துபோயிற்று.

மற்ற இடத்தைவிட வரவேற்கிற இடத்தில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது? பேச்சின் நடுவில் ஒரு டா வந்தால் அது பேச்சோடு போய்விடும். “இல்லடா, அது அப்படி இல்ல, கேளு” என்பதில் டாவை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் “வாடா” என்பதில் கவனிக்க வேறு எதுவுமே இல்லை. ஒரே ஓர் அசை வா, மீதி முழுக்க உறவு. அதிலும் ‘டேய்’, ‘ஏய்’, ‘ஏட்டி’ என்று முன்னால் தனியாக நிற்கிற சொற்கள் தூரத்திலிருந்து கூப்பிடவே பிறந்தவை. தூரத்திலிருந்து கூப்பிட்டால் குரல் உயரும். குரல் உயர்ந்தால் சம்பந்தமில்லாத காதுகளிலும் விழும். தோழிக்கும் எனக்கும் இடையில் அது “எப்பா, எவ்வளவு நாளாச்சு” என்று அர்த்தம். அந்த நாற்பது பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் வேறு. எங்கள் டீச்சரை ஒருத்தி வாடி போடி என்கிறாள், டீச்சரும் சும்மா இருக்கிறார், அப்படியானால் டீச்சரை இப்படியும் பேசலாம். மறுநாள் பிளஸ் ஒன் வகுப்பில் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு “ஏட்டி” வந்திருக்கிறது. யார் என்று கேட்கவும் முடியாது. கேட்டால் அந்தச் சொல்லை அவளே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

இதை அவள் அப்புறம் சொன்னபோது நான் மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் எதிர்வாதமும் செய்தேன். “நீ மட்டும் பிள்ளைங்களை டா போடலையா?” “போடறேன். அதுக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்கேன்” என்றாள். அந்தக் கணக்கு எனக்குப் புதிது. எட்டாம் வகுப்பு வரை பையன்களுக்கு “உக்காருங்கடா” சரி. ஒன்பதில் மீசை அரும்புகிறவனுக்குத் தனியாக டா போட மாட்டாள், கூட்டமாக மட்டும் போடுவாள். கூட்டத்தில் டா யாரையும் தனியாகக் குத்தாது. பெண் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பிலும் டி கிடையாது, “வாங்கம்மா”தான். ஒரு பையனுடைய அப்பா வந்து நிற்கும்போது அந்தப் பையனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். “அவரு வீட்ல அவனை என்ன வேணா கூப்பிடட்டும். அவரு முன்னால நான் டா போட்டா, அவரையும் சேர்த்துப் போட்ட மாதிரி ஆயிடும்.” இருபது வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறாள், எனக்குப் பதில் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் டி கிடையாது என்று நான் கேட்கவில்லை. டாவும் டியும் ஜோடி என்று இலக்கணம் சொன்னாலும் இரண்டின் எடை ஒன்றில்லை. கல்லூரியில் ஒரு வகுப்புத் தோழன் எங்களை எல்லாம் “என்னடா, படிச்சிட்டீங்களாடா” என்று கேட்பான். எங்களில் ஒருத்திக்கும் அது உறுத்தியதில்லை. பெண்ணிடம் ஆண் சொல்கிற டாவில் செல்லம் இருக்கிறது, தோழமை இருக்கிறது, பெற்றவர்கள் மகளை “என்னடா தங்கம்” என்று கொஞ்சுவதன் மிச்சம் இருக்கிறது. அதே தோழன் ஒரு நாள் என்னைப் பார்த்து “என்னடி, இன்னிக்கு லேட்டு?” என்றான். கேலியாகத்தான். ஆனால் பக்கத்தில் இருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆண் வாயிலிருந்து வருகிற டிக்கு எங்கள் காலத்தில் இரண்டே உரிமையாளர்கள். ஒன்று கூடப்பிறந்தவன், இல்லையென்றால் தாலி கட்டினவன். மூன்றாவதாக ஒருத்தன் சொன்னால், ஒன்று காதல், இல்லையென்றால் சண்டை. அவனுக்கு இரண்டும் நோக்கமில்லை பாவம். இப்போதுள்ள பிள்ளைகளிடம் இது நிறைய தளர்ந்திருக்கிறது, என் அண்ணன் மகளும் அவள் நண்பர்களும் டா டி எல்லாவற்றையும் கலந்து எறிகிறார்கள். ஆனால் அவளும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் “தள்ளு டி” என்றதற்குச் செருப்பைக் கழற்றப் போனவள்தான்.

உறவுக்குள் டா எடுக்கப்படுகிற விதம் இன்னும் சுவாரஸ்யம். என் சித்தி மகளை அவள் சொந்த மாமா மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்ததே சித்திதான். “டேய், சட்டையைப் போடுடா” என்று இருபத்தாறு வருடம் சொன்ன வாய். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து அவன் மண்டபப் படியேறியபோது, சித்தி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க மாப்ள” என்றாள். அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த நாதஸ்வரக்காரர் அவன் முதுகில் இடித்துக்கொண்டார். “அத்தை, என்ன இது?” “என்ன என்ன இது? உள்ள வாங்க.” அன்று சாயங்காலம் கல்யாணப் பெண்ணுக்கும் உத்தரவு வந்தது. சின்ன வயதிலிருந்து அவனோடு பம்பரம் விட்டு, டா போட்டு வளர்ந்தவள். “இனிமே நாலு பேர் முன்னாடி டா போடக் கூடாது.” தனியாக இருக்கும்போது என்று சித்தி ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னாடி என்பதுதான் சட்டம். இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனால், ஹாலில் “என்னங்க, காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்பாள். அடுக்களைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளிருந்து “டேய், பாலை எங்கடா வெச்ச?” என்று கேட்கும்.

அவனுடைய நண்பர்கள்தான் இதில் தத்தளித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை மாமியார் வீட்டில் அவனைப் பார்க்க வந்தவர்கள், வாசலில் வழக்கம்போல “டேய்!” என்று ஆரம்பித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்ததும் “டேய்” பாதியில் அறுந்து, “…வணக்கம் மாப்ள” என்று முடிந்தது. ‘மாப்ள’ என்கிற சொல்லின் அருமை அங்கேதான் புரியும். நண்பனுக்கு அது மதுரைப் பக்கத்துத் தோளில் கை, சித்தப்பாவுக்கு அது முறைப்படியான மரியாதை. இரண்டு காதும் நிறைந்துவிடும்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் திருப்பித் தரக்கூடிய டா. திருப்பித் தர முடியாத டாவையும் நான் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை ஒரு பெரியவர் வருவார், என் தாத்தாவைவிட வயதானவர். திண்ணைக்குக் கீழேதான் நிற்பார். எட்டு வயது அண்ணன் அவரைப் பார்த்து “வாடா, தாத்தா உள்ள இருக்காரு” என்பான். அவர் “சரிங்க தம்பி” என்பார். யாரும் அண்ணனைக் கண்டிக்கவில்லை, அவனுக்கும் அது திட்டு என்று தெரியாது, வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னான். அதே தெருவில் அவன் வயதுப் பையனிடம் அவன் சொன்னதும் “வாடா”தான். எழுத்து ஒன்று, குரல்கூட ஒன்று. ஆனால் அந்தப் பையன் “நீ வாடா” என்று பதில் சொல்வான். பெரியவரால் சொல்ல முடியாது. அந்தப் பதில் வர வழியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் நட்பும் ஜாதியும் பிரிகின்றன. பத்திரிகைகளில் “ஒருமையில் பேசினார்” என்று ஒரு சொற்றொடர் அடிக்கடி வரும். அதிகாரி ஒருமையில் பேசியதால் வாக்குவாதம், போலீஸ்காரர் ஒருமையில் பேசியதால் மறியல் என்று. வெளியூர்க்காரர் யாராவது படித்தால் இலக்கணத் தகராறு என்று நினைத்துக்கொள்வார். எழுத முடியாத டாவைத்தான் பத்திரிகை அப்படி நாசூக்காக எழுதுகிறது.

ஃபோனில் தட்டச்சு செய்கிற டா இன்னொரு தினுசு. குரல் இல்லை, முகம் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பயிற்சிப் பெண்ணுக்கு மேலாளர் தினமும் காலையில் hi da என்று அனுப்புவார். அவர் மகள் வயதுதான் அவளுக்கு. அவர் மனதில் செல்லம்தான் இருந்திருக்கும், நான் நம்புகிறேன். ஆனால் அவளால் hi da என்று பதில் போட முடியுமா? Good morning sir என்றுதான் போடுவாள். ஒரு மாதம் முழுக்க இந்தப் பக்கம் da, அந்தப் பக்கம் sir. திரையை அவள் காட்டியபோது எனக்கு எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. நான் அவரிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் அவருடைய செய்தி வெறும் hi ஆகிவிட்டது. அதில் அவளுக்கு இன்னொரு பயம், சார் கோபமாக இருக்கிறாரோ என்று.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். மார்கழியில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்டுக்கொண்டே எழுந்து வளர்ந்தவள் நான், ஆனால் பதினைந்தாம் பாசுரம் பொள்ளாச்சி சம்பவத்துக்குப் பிறகுதான் காதில் சரியாக விழுந்தது. வெளியே நிற்கிற பெண்கள் உள்ளே தூங்குகிறவளை “எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ” என்று கூப்பிடுகிறார்கள். எல்லே என்பது தோழியைக் கூப்பிடுகிற சொல். எங்கள் ஏலேயும் ஏட்டியும் அந்த வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் எனக்குக் கேட்கும். உள்ளேயிருந்து அவள் சொல்கிற பதில், “சில்லென்று அழையேன்மின் நங்கைமீர், போதர்கின்றேன்.” இப்படிச் சுள்ளென்று கத்திக் கூப்பிடாதீர்கள், வருகிறேன் என்கிறாள். எல்லே என்று கூப்பிட்டவர்களுக்குப் பதிலில் கிடைத்தது எல்லே இல்லை, நங்கைமீர். அதாவது, வாங்க மேடம்.

நான் இதை என் தோழியிடம் சொன்னேன். “ஆண்டாளும் உன் கட்சியா, என் கட்சியா?” என்று கேட்டாள். வெளியே நின்று கத்தினவர்கள் கட்சியில்தான் ஆண்டாள் இருந்தாள் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவள் ஃபோன் செய்தால் முதல் வாக்கியம் ஹலோ இல்லை, “பக்கத்துல யாரு இருக்கா?” நான் அலுவலகத்தில் இருந்தால் “சொல்லுங்க” என்பேன், அவளுக்குப் புரிந்துவிடும், “சரிங்க, அப்புறம் கூப்பிடறனுங்க” என்று வேண்டுமென்றே இழுத்துச் சொல்லிவிட்டு வைப்பாள். இந்த மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது என் மாமனார் பின்னால் நின்றிருந்தார். “நல்லா இருக்கீங்களா மேடம், உள்ள வரலாமுங்களா?” என்றாள், கண்ணில் அத்தனை குறும்பு. மாமனாருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று, இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த பெண்ணா என்று. சாப்பாடு முடிந்து அவர் தூங்கப் போன பிறகு, அடுக்களையில் என் பின்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, சாம்பார்ல உப்பே இல்லட்டி” என்றாள்.